ஆசிரியர் வேலை தேடும் பட்டதாரிகளுக்கு: நியமிப்பவர் யார், கேட்கும் சான்று எது, சம்பளத்தை எப்படிக் கணக்கிடுவது

சுங்காய், பீடோர், துரோலாக் வட்டாரத்துத் தோட்டப்புறப் பிள்ளைகள் பலர் இன்று பட்டம் பெற்று வீடு திரும்புகிறார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பட்டம் கல்வியியல் பட்டம் அன்று. ஒருவர் உயிரியல் படித்திருப்பார், ஒருவர் கணக்கியல், இன்னொருவர் வணிக நிர்வாகம். "ஆசிரியர் வேலைக்கு முயன்று பார்" என்று வீட்டில் சொல்கிறார்கள். எங்கே முயல்வது, எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்ல ஆள் இல்லை. இந்த வழிகாட்டி அவர்களுக்காக: கையில் பட்டம் இருக்கிறது, ஆசிரியர் பயிற்சிச் சான்று இல்லை, வீட்டை விட்டு வெகுதூரம் போகவும் விருப்பம் இல்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்காக.

எஸ்பிஎம் முடித்த தம்பி தங்கைகளுக்கு வழி வேறு. நல்ல தேர்ச்சியும் தமிழில் கிரெடிட்டும் இருந்தால், அவர்கள் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தின் பட்டப்படிப்புக்கு நேராக மனுச் செய்யலாம். அல்லது தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் கல்வியியல் பட்டமே படிக்கலாம். அந்த வழி இன்னும் திறந்திருப்பவர்கள் அதையே எடுப்பது நல்லது. பிறகு சான்றுக்காகத் தனியாக அலைய வேண்டியதில்லை.

முதல் படி: நியமனக் கடிதத்தில் கையெழுத்திடுபவர் யார்?

வேலை விளம்பரத்தைப் பார்த்தவுடன் எல்லாரும் சம்பளத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது நியமிப்பவர் யார் என்பதை. தேவைப்படும் சான்று, சம்பள அமைப்பு, வேலையின் உறுதி ஆகிய மூன்றும் அதைப் பொறுத்தே அமைகின்றன. ஒரே தமிழ்ப்பள்ளி வளாகத்தில், அடுத்தடுத்த வகுப்பறைகளில் நிற்கும் மூன்று ஆசிரியர்களை மூன்று வெவ்வேறு தரப்பினர் நியமித்திருக்கலாம்.

முதலாமவர் நிரந்தர ஆசிரியர். அவரை நியமிப்பது கல்விச் சேவை ஆணையம். நாம் எஸ்பிபி என்று சொல்வது இதைத்தான். பட்டதாரி ஆசிரியரின் நிலை முன்பு டிஜி41. 2024 டிசம்பர் 1-இல் புதிய சம்பள முறை நடப்புக்கு வந்தபின் அது டிஜி9 ஆகிவிட்டது.

இரண்டாமவர் மாற்று ஆசிரியர். கடிதத்தில் "குரு கந்தி" என்று இருக்கும். நிரந்தர ஆசிரியர் ஒருவர் பிரசவ விடுப்பிலோ நீண்ட மருத்துவ விடுப்பிலோ இருக்கும் காலத்துக்கு மட்டும் இவர் வருகிறார். அந்த ஆசிரியர் திரும்பும் நாளில் இவர் வேலை முடிந்துவிடும். இவருடைய கோப்பு பள்ளி வழியாக மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போகும்.

மூன்றாமவரைப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, பள்ளி வாரியமோ, ஓர் அமைப்போ வைத்திருக்கும். பாலர் வகுப்பிலும் மாலை நேர வகுப்புகளிலும் இப்படிப்பட்டவர்களைப் பார்க்கலாம். இவர் அரசு ஊழியர் அல்லர். சம்பளம் சங்கத்தின் கையிருப்பைப் பொறுத்தது. மூவரையும் ஊரார் "டீச்சர்" என்றே அழைப்பார்கள். ஆனால் மாதக் கடைசியில் கைக்கு வருவதும், பத்து ஆண்டுகள் கழித்துக் கையில் நிற்பதும் மூவருக்கும் ஒன்றாக இருக்காது.

தனியார் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நிறுவனமே நியமிக்கிறது. அரசாங்கப் பொலிடெக்னிக், சமூகக் கல்லூரி விரிவுரையாளர்களை நியமிப்பதும் எஸ்பிபிதான் என்பது பலருக்குத் தெரியாது. பேராங்கில் இருக்கும் சுல்தான் அஸ்லான் ஷா பொலிடெக்னிக்கில் நிரந்தர வேலை வேண்டுமென்றால், அங்கே நேரில் போய் மனுக் கொடுத்துப் பயனில்லை. எஸ்பிபியின் விளம்பரத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் மட்டும் தங்கள் விரிவுரையாளர்களைத் தாங்களே எடுத்துக்கொள்கின்றன.

இரண்டாம் படி: எந்தச் சான்று, எந்தக் கதவுக்கு

அரசாங்கப் பள்ளியில் நிரந்தர வேலைக்குப் பட்டம் மட்டும் போதாது. ஆசிரியத் தொழில்முறைத் தகுதி வேண்டும். மலாயில் இதை "இக்திசாஸ்" என்பார்கள். கல்வியியல் பட்டம் பெற்றவருக்கு அது பட்டத்திலேயே அடங்கிவிடுகிறது. மற்றவர்கள் பட்டத்துக்குப் பிந்தைய கல்வி டிப்ளோமாவைப் படித்துப் பெற வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்கும் வாய்ப்பை மலேசியத் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் போன்றவை தருகின்றன.

ஆனால் கட்டணத்தைக் கட்டும் முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். எஸ்பிபி பாடப்பிரிவு வாரியாகத்தான் ஆள் எடுக்கிறது. தமிழ், கணிதம், ஆங்கிலம், சிறப்புக் கல்வி என்று அறிவிப்பில் பிரிவுகள் இருக்கும். உங்கள் பட்டத்தின் முதன்மைப் பாடம் அவற்றில் எதனோடும் ஒட்டவில்லை என்றால், டிப்ளோமா முடித்தபின்னும் நேர்முகத் தேர்வு அழைப்பு வராமல் போகலாம். உயிரியல் பட்டதாரிக்கு அறிவியல் என்று ஒரு பிரிவு உண்டு. வணிக நிர்வாகம் படித்தவருக்குத் தொடக்கப்பள்ளியில் அப்படி நேரடியான பாடம் இல்லை. அதனால் கடந்த சில விளம்பரங்களை எடுத்து உங்கள் பாடப்பிரிவு இருந்ததா என்று பாருங்கள். அதன் பிறகு டிப்ளோமாவுக்குப் பணம் கட்டுங்கள்.

எஸ்பிஎம் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். மலாய்மொழியில் கிரெடிட் இல்லை என்றால், எத்தனை பட்டம் இருந்தாலும் அரசாங்க நியமனம் அங்கேயே நின்றுவிடும். இதை இருபத்தைந்து வயதில் கண்டுபிடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். மலாய்மொழித் தாளை மட்டும் மறுபடி எழுதித் தேறலாம். அதை உடனே செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

தமிழ்நாட்டில் பட்டமோ பி.எட். படிப்போ முடித்து வந்தவர்களுக்கும் ஒரு சொல். அங்கே செல்லுபடியாகும் சான்று இங்கே தானாகச் செல்லுபடியாகாது. அரசாங்கப் பணிக்கு அந்தத் தகுதி அங்கீகரிக்கப்பட்டிருக்கிறதா என்பதை மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனத்தின் eSisraf பக்கத்தில் பல்கலைக்கழகப் பெயரையும் படிப்பின் பெயரையும் போட்டுத் தேடுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது, உங்கள் படிப்பும் அதில் இருக்க வேண்டும்.

தனியார் பள்ளி, பாலர் பள்ளி, டியூஷன் மையம் ஆகியவற்றில் கேட்பது வேறு வகைச் சான்று. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, பதிவுபெற்ற ஆசிரியரோ கற்பிக்க அனுமதி பெற்றவரோதான் ஒரு கல்வி நிறுவனத்தில் கற்பிக்கலாம். அந்த அனுமதியைத்தான் பெர்மிட் என்று சொல்கிறோம். நிறுவனத்தின் வழியாக மாநிலக் கல்வி இலாகாவுக்கு மனுப் போகும். பெர்மிட் ஒரு பயிற்சிச் சான்று அன்று. இன்ன நிறுவனத்தில் கற்பிக்கலாம் என்ற அனுமதி மட்டுமே. அதனால் நிறுவனம் மாறினால் மறுபடி மனுச் செய்ய வேண்டும். பெர்மிட் கையில் இருப்பதால் அரசாங்கப் பள்ளியில் நிரந்தரம் ஆகிவிடலாம் என்றும் எண்ணிவிடக் கூடாது.

இங்கே ஏமாற்றம் நடப்பதை எப்படித் தெரிந்துகொள்வது? நேர்காணலுக்குப் போகும்போது அலுவலகச் சுவரைப் பாருங்கள். முறையாக நடக்கும் நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழ் பெரும்பாலும் அங்கே மாட்டப்பட்டிருக்கும். அதில் இருக்கும் பெயரும் உங்களுக்கு வந்த கடிதத்தின் தலைப்பும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு, "என்னுடைய பெர்மிட்டுக்கு எப்போது மனுப் போடுவீர்கள், எந்தெந்தச் சான்றிதழின் நகல் வேண்டும்?" என்று கேளுங்கள். முறையான இடம் என்றால் உடனே ஒரு பட்டியலைக் கையில் கொடுப்பார்கள். "அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், உங்கள் பெயர் எந்தப் பதிவிலும் ஏறப்போவதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி வேலை பார்த்த ஆண்டுகளை நாளை அனுபவம் என்று காட்டவும் ஆதாரம் இருக்காது. நகல்களை மட்டும் கொடுங்கள். அசல் சான்றிதழை எந்த நிறுவனத்திடமும் விட்டுவிட்டு வர வேண்டாம்.

தனியார் கல்லூரிகளுக்கு 1996-ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்வி நிறுவனங்கள் சட்டம் பொருந்தும். அங்கேயும் விரிவுரையாளருக்குக் கற்பிக்கும் பெர்மிட் வேண்டும், ஆனால் அது உயர்கல்வி அமைச்சின் பக்கம். அதோடு மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனத்தின் தரக்கட்டளைகளும் சேர்ந்துகொள்கின்றன. அவற்றின் பொதுவான விதியை நினைவில் வைப்பது எளிது: கற்பிக்கும் படிப்பை விட ஒரு படி மேலான தகுதி வேண்டும். டிப்ளோமா மாணவர்களுக்குக் கற்பிக்க அதே துறையில் இளங்கலைப் பட்டம், இளங்கலை மாணவர்களுக்குக் கற்பிக்க முதுகலைப் பட்டம். ஆகவே இளங்கலை மட்டும் முடித்த ஒருவரிடம் பட்டப்படிப்பு வகுப்பை எடுக்கச் சொன்னால், கல்லூரியின் தணிக்கைக்கு அதிகாரிகள் வரும் காலத்தில் அவருடைய பாடங்கள் கைமாறிவிடும் என்று எதிர்பார்க்கலாம். கல்லூரியின் படிப்பு அங்கீகாரம் பெற்றதா என்பதைத் தகுதி நிர்ணய நிறுவனத்தின் இணையப் பதிவேட்டில் படிப்பின் பெயரைப் போட்டே பார்த்துவிடலாம். மாணவர்களுக்குச் சொல்லும் அறிவுரைதான் இது, வேலைக்குப் போகிறவருக்கும் பொருந்தும். அங்கீகாரம் போன படிப்புக்கு மாணவர் சேர மாட்டார்கள். மாணவர் இல்லாவிட்டால் உங்கள் வகுப்பும் இருக்காது.

மூன்றாம் படி: காலியிடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது

எஸ்பிபியின் விளம்பரம் spp.gov.my தளத்தில் வரும். மனுச் செய்யக் கட்டணம் கிடையாது. "ஆணையத்தில் ஆள் தெரியும், இவ்வளவு கொடுத்தால் இடம் வாங்கித் தருகிறேன்" என்று எவர் வந்தாலும் கதவைச் சாத்துங்கள். மனுவை நிரப்பும்போது சான்றிதழில் உள்ளபடியே பாடப்பிரிவையும் மதிப்பெண்ணையும் எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் அசலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

நியமனம் கிடைத்தால் எங்கே அனுப்புவார்கள் என்ற அச்சம் தோட்டப்புறப் பெற்றோருக்கு நிறைய உண்டு. சபா, சரவாக்கில் தமிழ்ப்பள்ளி கிடையாது. ஆகவே தமிழ்ப்பள்ளிக்கு நியமிக்கப்படுபவர் தீபகற்பத்துக்குள்தான் இருப்பார். ஆனால் பேராக்கில் இருப்பவருக்கு ஜொகூர் கிடைக்கலாம். பிறகு இடமாற்றத்துக்கு இணையம் வழி மனுச் செய்து காத்திருக்க வேண்டும். தேசியப் பள்ளிகளுக்குரிய பாடப்பிரிவில் நியமனம் பெற்றவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அவர் கடல் கடந்து போகவும் தயாராக இருக்க வேண்டும்.

மாற்று ஆசிரியர் வேலை விளம்பரத்தில் வருவதை விட வாய்மொழியாகத்தான் அதிகம் பரவுகிறது. தோட்டப்புறத்தில் இதற்கு ஒரு காரணம் உண்டு. 150 மாணவருக்குக் குறைந்த பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்கிறார்கள், நம் பக்கத்துத் தோட்டப் பள்ளிகளில் பல அந்த வகை. அங்கே ஆசிரியர்கள் எண்ணிக்கை குறைவு. ஒருவர் பிரசவ விடுப்பில் போனாலே ஒரு வகுப்பு முழுதும் ஆசிரியர் இல்லாமல் நிற்கும். அரசாங்க ஆசிரியைக்குப் பிரசவ விடுப்பு 90 நாள் வரை உண்டு. தலைமையாசிரியருக்கு அந்த விடுப்பு எப்போது தொடங்கும் என்று மாதக்கணக்கில் முன்பே தெரிந்திருக்கும், ஆனால் அதை விளம்பரம் செய்ய அவருக்கு நேரம் இருக்காது.

ஆகவே சுற்றியிருக்கும் பள்ளிகளுக்கு நேரில் போங்கள். பள்ளி விடும் நேரத்துக்குச் சற்று முன்பு போனால் தலைமையாசிரியரைப் பார்க்கலாம். "வேலை இருக்கிறதா ஐயா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, "ஐயா, வரும் மூன்று மாதத்தில் உங்கள் பள்ளியிலோ பக்கத்துப் பள்ளியிலோ யாராவது நீண்ட விடுப்பில் போகிறார்களா?" என்று கேளுங்கள். கூடவே ஒரே தாளில் உங்கள் பட்டம், எஸ்பிஎம்மில் மலாய், தமிழ் மதிப்பெண்கள், கைப்பேசி எண், எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறீர்கள் என்பது, வண்டி இருக்கிறதா என்பது ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். தோட்டச் சாலையில் பஸ் இல்லாத பள்ளிகளுக்குக் கடைசி இரண்டும் மிக முக்கியம். பள்ளிகளைப் பார்த்துவிட்டுத் தாப்பாவில் இருக்கும் மாவட்டக் கல்வி இலாகாவிலும் பெயரைக் கொடுத்து வைக்கலாம். சிலிம் ரிவர் பக்கத்தினர் இப்போது முவாலிம் மாவட்டம் என்பதால் அவர்கள் தங்கள் மாவட்ட இலாகாவிடம்தான் கேட்க வேண்டும்.

தனியார் கல்லூரிகளுக்கும் இதே முறை பாதி பொருந்தும். புதிய பருவம் தொடங்குவதற்கு ஓரிரு மாதங்களுக்கு முன்புதான் துறைத்தலைவர் பாடங்களைப் பகிர்வார், அப்போதுதான் ஆள் பற்றாக்குறை வெளியே தெரியும். மனிதவளப் பிரிவுக்கு அனுப்பும் மின்னஞ்சலின் நகலைத் துறைத்தலைவருக்கும் அனுப்புங்கள். அதில் எந்தெந்தப் பாடங்களை எடுக்க முடியும் என்று பாடத்தின் பெயரைச் சொல்லி எழுதுங்கள்.

நான்காம் படி: சம்பளத்தைப் பிரித்துப் பார்ப்பது

அரசாங்க ஆசிரியரின் சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் ஒரு வரி. அதற்குக் கீழே வீட்டு அலவன்ஸ், பொதுச் சேவை அலவன்ஸ், வாழ்க்கைச் செலவு அலவன்ஸ் என்று தனித்தனி வரிகள் வரும். வாழ்க்கைச் செலவு அலவன்ஸ் பணியிடத்தைப் பொறுத்து மாறும். டிஜி41-க்குத் தொடக்கச் சம்பளம் 2,188 வெள்ளி என்று இன்றும் பலர் சொல்கிறார்கள், இணையத்திலும் அதுவே சுற்றிக்கொண்டிருக்கிறது. அது 2024 டிசம்பருக்கு முந்தைய கணக்கு. புதிய முறையில் ஆசிரியர்கள் உள்ள பிரிவுக்கு 15 விழுக்காடு உயர்வு இரண்டு கட்டமாக அறிவிக்கப்பட்டது: 2024 டிசம்பர் 1-இல் 8 விழுக்காடு, 2026 ஜனவரி 1-இல் 7 விழுக்காடு. ஆகவே பழைய எண்ணை வைத்துத் தனியார் சம்பளத்தோடு ஒப்பிட்டால் கணக்குத் தவறிவிடும்.

ஓய்வூதியத்தைப் பற்றியும் பெரியவர்களிடம் பழைய நினைப்பே இருக்கிறது. 2024 பிப்ரவரி 1 முதல் புதிதாக நிரந்தரமாகச் சேரும் அரசு ஊழியருக்கு ஓய்வூதியம் கிடையாது. ஊழியர் சேமநிதியில் சந்தா கட்டப்படும். "அரசாங்க வேலை என்றால் சாகும்வரை பென்ஷன்" என்ற காரணத்துக்காக மட்டும் வேறு நல்ல வேலையை விட வேண்டியதில்லை. வேலை உறுதி, ஆண்டுதோறும் சம்பள உயர்வு, மருத்துவ வசதி ஆகியவை இன்னும் அரசாங்கத்தின் பக்கமே வலுவாக இருக்கின்றன.

மாற்று ஆசிரியருக்கு நாள் கணக்கில் சம்பளம். கடிதம் வந்ததும் தொடக்க நாள், முடிவு நாள் இரண்டையும் பாருங்கள். இடையில் வரும் பள்ளி விடுமுறைக்குச் சம்பளம் உண்டா என்பதைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்று மாத நியமனம் என்று சொல்லக் கேட்டுவிட்டு மூன்று மாதச் சம்பளத்தை மனத்தில் கணக்குப் போட்டால், விடுமுறை வாரங்கள் வந்து அதைக் குறைத்துவிடும். முதல் சம்பளம் தாமதமாக வருவதும் உண்டு. பெட்ரோலுக்குக் கையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

தனியார் நிறுவனத்தின் கடிதத்தில் கவனமாகப் பார்க்க வேண்டியது, மொத்தத் தொகையை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பது. ஐந்தாயிரம் வெள்ளி வரை சம்பளம் பெறுபவருக்குச் சேமநிதியில் முதலாளி 13 விழுக்காடும் ஊழியர் 11 விழுக்காடும் கட்ட வேண்டும். வழக்கமான அலவன்ஸ்களுக்கும் சந்தா உண்டு, ஆனால் பயண அலவன்ஸுக்கு இல்லை. அதனால்தான் சில கடிதங்களில் அடிப்படைச் சம்பளம் குறைவாகவும் பயண அலவன்ஸ் பெரிதாகவும் இருக்கும். மொத்தம் அழகாகத் தெரியும், சேமநிதி மெலிந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். சுங்காயில் பெற்றோரோடு இருக்கும் உயிரியல் பட்டதாரிப் பெண்ணுக்கு இரண்டு வேலைகள் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். தொகைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஈப்போவில் ஒரு தனியார் பள்ளி 2,800 வெள்ளி தருகிறது: அடிப்படை 2,200, பயண அலவன்ஸ் 600. ஒப்பந்தம் ஜனவரி முதல் நவம்பர் வரை. பீடோரில் ஒரு சிறிய பள்ளி 2,100 வெள்ளி தருகிறது, முழுவதும் அடிப்படைச் சம்பளம், பன்னிரண்டு மாதமும் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் ஈப்போவில் மாதம் 700 வெள்ளி அதிகம்.

ஈப்போக் கணக்கு: 2,200-க்குச் சேமநிதி 242, சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் சேர்த்துச் சுமார் 15. கைக்கு வருவது 2,543. தினமும் போய்வரும் தூரம் அன்று என்பதால் அறை வாடகை, சாப்பாடு, வாரக்கடைசியில் வீடு வந்து போகும் செலவு எல்லாம் சேர்த்து 700 போகிறது. மிச்சம் 1,843.

பீடோர்க் கணக்கு: சேமநிதி 231, மற்றவை 15. கைக்கு 1,854. மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோலும் பராமரிப்பும் 100. மிச்சம் 1,754.

எழுநூறு வெள்ளி வித்தியாசம் 89 வெள்ளியாகச் சுருங்கிவிட்டது. இப்போது ஆண்டுக்குப் பெருக்குங்கள். ஈப்போவில் பதினோரு மாதத்துக்கு 20,273. பீடோரில் பன்னிரண்டு மாதத்துக்கு 21,048. சேமநிதியில் இருவர் பங்கும் சேர்ந்து ஈப்போவில் மாதம் 528, ஆண்டுக்கு 5,808. பீடோரில் மாதம் 504, ஆண்டுக்கு 6,048. இரண்டு கணக்கிலும் பீடோர்தான் முந்துகிறது.

இதனால் ஈப்போ வேண்டாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அங்கே பெர்மிட்டை முறையாக எடுத்து, அறிவியல் பாடத்தையே கொடுத்து, பகுதிநேர டிப்ளோமா படிக்க வாரக்கடைசியை விட்டுவைக்கிறார்கள் என்றால், இரண்டு ஆண்டு கழித்து எஸ்பிபி நேர்முகத் தேர்வுக்கு அது பெரிய பலம். நான் அந்தப் பெண்ணுக்குச் சொல்வதாக இருந்தால், டிசம்பர் மாதச் சம்பளத்தையும், பயண அலவன்ஸில் பாதியை அடிப்படைச் சம்பளமாக மாற்றுவதையும் ஈப்போப் பள்ளியிடம் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். இரண்டில் ஒன்று கிடைத்தாலும் கணக்கு மாறும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கல்லூரிகளில் மணிக்கணக்குச் சம்பளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு மணிக்கு 50 வெள்ளி என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். வாரம் 12 மணி, ஒரு பருவம் 14 வாரம், ஆண்டுக்கு இரண்டு பருவம் என்றால் மொத்தம் 16,800 வெள்ளி. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,400. 2025-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700-ஐ விடக் குறைவு. விடைத்தாள் திருத்துவதும் பாடம் தயாரிப்பதும் இந்த மணிக்கணக்கில் சேராது; சேமநிதியும் பெரும்பாலும் இருக்காது. முதுகலை படித்துக்கொண்டே செய்வதற்கு இது நல்ல வேலை. குடும்பத்தை இதை மட்டும் நம்பி நடத்த முடியாது.

ஐந்தாம் படி: கையெழுத்துக்கு முன்னும் முதல் மாதத்துக்குப் பின்னும்

கடிதத்தில் பதவியின் பெயர், அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ்கள் தனித்தனியாக, வேலை நேரம், பள்ளி விடுமுறையில் வர வேண்டுமா என்பது, விலகினால் எத்தனை மாத முன்னறிவிப்பு என்பவை இருக்க வேண்டும். பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வாசகம் இருந்தால் தொகையையும் காலத்தையும் எழுத்தில் கேளுங்கள். "ஆசிரியர் மற்றும் பிற பணிகள்" என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தப் பிற பணிகள் எவை என்று விளக்கம் பெறுங்கள். மாணவர் சேர்க்கைக்காக வீடுவீடாகப் போக வேண்டியது அதற்குள் ஒளிந்திருக்கலாம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாக வேலைக்குச் சேர்பவர்களிடம் இன்னொன்றையும் வற்புறுத்துவேன். ஊரில் எல்லாரும் தெரிந்தவர்கள். சங்கத் தலைவர் உங்கள் அப்பாவோடு ஒரே தோட்டத்தில் வேலை செய்தவராகக்கூட இருப்பார். அந்த நெருக்கத்தில் கடிதம் கேட்கத் தயங்குகிறார்கள். தலைவர் மாறியதும் பேசிய சம்பளம் மாறிவிடுகிறது. "அங்கிள், டிப்ளோமாவுக்கு மனுச் செய்ய வேலைக் கடிதம் தேவைப்படும்" என்று மரியாதையாகச் சொல்லி ஒரு பக்கக் கடிதமாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலையில் சேர்ந்தபின் சேமநிதி வாரியத்தின் i-Akaun கணக்கைத் திறந்து வைத்திருங்கள். ஒரு மாதத்துச் சந்தாவை முதலாளி அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஜனவரிச் சம்பளத்துக்கான இரண்டு பங்கும் பிப்ரவரி நடுவில் கணக்கில் ஏறியிருக்கின்றனவா, தொகை சம்பளச் சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சீட்டில் பிடித்திருக்கிறார்கள், கணக்கில் ஏறவில்லை என்றால் முதலில் அலுவலகத்தில் கேளுங்கள். அடுத்த மாதமும் ஏறவில்லை என்றால், சம்பளச் சீட்டுகளின் நகலோடு சேமநிதி வாரியக் கிளையில் புகார் கொடுக்கலாம். நீங்கள் எந்த நிறுவனத்தில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை வேலை செய்தீர்கள் என்பதற்கு அந்தக் கணக்கின் அறிக்கையே நல்ல ஆதாரம். வேலையை விட்டு விலகும் நாளில் பெர்மிட்டின் நகலையும் அனுபவக் கடிதத்தையும் அதோடு சேர்த்து ஒரே கோப்பில் வைத்துவிடுங்கள்.